மைனஸிலிருந்து தொடங்கும் சதவீதம்: ஒரு லாப வரைபடத்தைப் பிரித்துச் சரிசெய்த பதிவு

பழுதுக்கு வந்தது ஒரு பட்டை வரைபடம். ஐந்து பிரிவுகளின் லாபம் சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது என்று காட்டுவது அதன் வேலை. பெரிய மாற்றம் மேலே, சிறியது கீழே என்று வரிசைப்படுத்தி, கூடியதற்குப் பச்சையும் குறைந்ததற்குச் சிவப்பும் பூசியிருந்தது. கணக்கில் எங்கும் பிழைச் செய்தி இல்லை. சூத்திரம் பள்ளிப் பாடத்தில் வரும் அதே சூத்திரம்தான்:

```
=(C2-B2)/B2
```

`B` நெடுவரிசையில் சென்ற ஆண்டு, `C` நெடுவரிசையில் இந்த ஆண்டு. விளக்கத்துக்காக எண்களைச் சிறிதாக்கி இங்கே தருகிறோம். அலகு எதுவானாலும் கணக்கு மாறாது.

| பிரிவு | சென்ற ஆண்டு | இந்த ஆண்டு | வித்தியாசம் | சூத்திரம் தந்த சதவீதம் |
|---|---|---|---|---|
| அ | 400 | 460 | +60 | +15% |
| ஆ | −80 | −20 | +60 | −75% |
| இ | −30 | −90 | −60 | +200% |
| ஈ | 2 | 26 | +24 | +1200% |
| உ | −50 | 40 | +90 | −180% |

கடைசி இரண்டு நெடுவரிசைகளை அருகருகே வைத்துப் படித்தால் பழுது தெரிந்துவிடும். ஐந்து பிரிவுகளிலும் அதிகம் முன்னேறியது உ: 50 நட்டத்திலிருந்து 40 லாபத்துக்கு வந்திருக்கிறது. வரைபடத்தில் அது அடிமட்டத்தில், நீளமான சிவப்புப் பட்டையாக நிற்கிறது. உண்மையில் சரிந்த ஒரே பிரிவு இ. அதன் நட்டம் மூன்று மடங்காகியிருக்கிறது. அதுவோ மேலிருந்து இரண்டாம் இடத்தில் பச்சையாக இருக்கிறது. உச்சியில் இருப்பது ஈ. அதன் லாபம் கூடியது வெறும் 24.

அ பிரிவுக்கு நடந்தது வேறு வகை. அதன் எண் சரியானது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. அச்சு −200 முதல் +1200 வரை ஓடுகிறது. வரைபடம் 14 செ.மீ. நீளம் என்றால் 100 சதவீதத்துக்கு ஒரு செ.மீ. கிடைக்கும். 15% என்பது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. ஒட்டுமொத்த லாபத்தையே தாங்கி நிற்கும் பிரிவு, அச்சுக் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிட்டது.

எங்கே உடைகிறது

சதவீத மாற்றம் என்பது ஒரு வகுத்தல். மேலே வித்தியாசம், கீழே அடிப்படை மதிப்பு. கீழே இருப்பது மைனஸ் என்றால் விடையின் குறி தலைகீழாகும். முன்னேற்றம் மைனஸாகவும் சரிவு பிளஸாகவும் வெளிவரும். கீழே இருப்பது பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் விடை எந்த அளவுக்கும் ஊதும். இரண்டும் வெவ்வேறு பழுதுகள். ஒன்றுக்குச் செய்யும் மருந்து மற்றதற்கு வேலை செய்யாது என்பதால் இவற்றைப் பிரித்தே பார்க்க வேண்டும்.

குறி புரளும் பழுதுக்கு உலகறிந்த ஒரு சான்று உண்டு. 2020 ஏப்ரல் 20 அன்று மேற்கு டெக்சாஸ் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம், பீப்பாய்க்கு −37.63 டாலர் என்ற விலையில் முடிந்தது. அதற்கு முந்தைய வர்த்தக நாளில், அதாவது ஏப்ரல் 17 அன்று, முடிவு விலை 18.27 டாலர். சூத்திரத்தில் போட்டால் −306% வருகிறது. குறியாவது சரி. ஆனால் ‘முழுவதும் போனால் நூறு சதவீதம்’ என்று பழகிய வாசகருக்கு 306 என்பது எதன் அளவு என்றே புரியாது. மறுநாள், ஏப்ரல் 21 அன்று, விலை 10.01 டாலரில் முடிந்தது. ஒரே நாளில் 47.64 டாலர் ஏற்றம். அதே சூத்திரத்தின் விடை −126.6%. விலை ஏறிய நாளுக்கும் இறங்கிய நாளுக்கும் மைனஸ். தினசரி சதவீத மாற்றத்தைக் கோடாக வரைந்தால், இரண்டு நாளும் தொடர்ந்து விழுந்ததாகத்தான் படம் சொல்லும்.

பூஜ்யம் மட்டும் பிடிபடும்

வரைபடத்தின் பழைய பதிப்பில் யாரோ ஏற்கெனவே ஒரு திருத்தம் செய்திருந்தார்கள். சூத்திரத்தை `IFERROR` போட்டு மூடியிருந்தார்கள். தரவுத்தளத்திலிருந்து வரும் அறிக்கைகளில் `NULLIF(prev, 0)` என்று எழுதுவதும் இதே திருத்தம்தான். அடிப்படை சரியாகப் பூஜ்யமாக இருக்கும் வரிசையை மட்டுமே இவை பிடிக்கும். அந்த வரிசைதான் எல்லாவற்றிலும் தீங்கு குறைந்தது, ஏனென்றால் அது `#DIV/0!` என்று தானே காட்டிக்கொடுத்துவிடும். 0.4 இருக்கும் வரிசையும் −80 இருக்கும் வரிசையும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரு எண்ணைத் தந்துவிட்டுப் போகும். இந்தப் பழுதை ஆளைவிட்டுத்தான் தேட வேண்டும் என்பது அதனால்தான்.

அதோடு, `IFERROR(..., 0)` என்று எழுதினால் இன்னொரு பொய் சேரும். 0-விலிருந்து 26-க்கு வந்த பிரிவு ‘மாற்றம் 0%’ என்று பதிவாகும்.

பைத்தானின் பாண்டாஸில் `pct_change()` இதே போலத்தான் நடக்கும். அடிப்படை மைனஸ் என்றால் புரண்ட குறி வரும். பூஜ்யத்திலிருந்து வேறு எண்ணுக்குப் போனால் `inf`, பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்துக்கு என்றால் `NaN`. அந்த `inf` ஒன்று இருந்தாலே அந்த நெடுவரிசையின் சராசரியும் `inf` ஆகிவிடும்.

சோதனைக்கு எளிய வழி, அடிப்படை நெடுவரிசையில் எத்தனை வரிசைகள் பூஜ்யம் அல்லது அதற்குக் கீழே என்று எண்ணிப் பார்ப்பது:

```
=COUNTIF(B2:B6,"<=0")
```

இங்கே விடை 3. ஐந்தில் மூன்று வரிசைகளுக்குச் சதவீதமே பொருந்தாது என்ற நிலையில், இந்த வரைபடத்தைத் திருத்துவதா, வகையையே மாற்றுவதா என்ற கேள்வி இங்கேயே எழுந்துவிடுகிறது.

முயன்று பார்த்துக் கைவிட்ட மூன்று மருந்துகள்

முதலாவது, எல்லோருக்கும் முதலில் தோன்றுவது: கீழே இருக்கும் எண்ணின் மைனஸை எடுத்துவிடுவது.

```
=(C2-B2)/ABS(B2)
```

குறி சரியாகிவிடுகிறது. ஆ +75%, இ −200%, உ +180%. பச்சையும் சிவப்பும் இடம் மாறி ஒழுங்காக அமர்கின்றன. ஆனால் அளவு இன்னும் பொய்தான். 80 நட்டத்திலிருந்து 40 லாபத்துக்கு வந்த பிரிவு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்னேற்றம் 120, இந்தச் சூத்திரம் தருவது 150%. நம் உ பிரிவின் முன்னேற்றம் 90, சதவீதமோ 180. இரண்டும் முடிவது ஒரே 40-இல். அதிகப் பள்ளத்திலிருந்து ஏறி வந்ததற்குக் குறைந்த மதிப்பெண் கிடைக்கிறது. பள்ளம் 5 மட்டுமே என்றால் விடை 900%. எதிலிருந்து கிளம்பினோம் என்பது பூஜ்யத்தை நெருங்க நெருங்க, சாதனை பெரிதாகத் தெரியும். ஒரே பிரிவின் குறியைக் காட்ட மட்டும் இது உதவும். பிரிவுகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்த உதவாது. `ABS` போட்ட வரைபடம் பார்வைக்குச் சரியாக இருப்பதால், பழைய வரைபடத்தைவிட இது நீண்ட நாள் பிழையோடு ஓடும் என்பதுதான் நமக்குக் கவலை.

இரண்டாவது, பழைய மதிப்பை மட்டும் நம்பாமல், பழையது புதியது இரண்டின் அளவுகளையும் சராசரி எடுத்து அதால் வகுப்பது. விடை எப்போதும் −200-க்கும் +200-க்கும் இடையில் நிற்கும் என்பதால் ஊதும் சிக்கல் தீர்கிறது. ஆனால் குறி மாறிய எந்த வரிசைக்கும் விடை மிகச் சரியாக 200 தான். −1-லிருந்து 1-க்கு வந்தாலும் 200%, −100-லிருந்து 3-க்கு வந்தாலும் 200%. பூஜ்யத்திலிருந்து எங்கே போனாலும் 200%. நட்டத்திலிருந்து மீண்ட பிரிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. மதிப்புகள் ஒருபோதும் மைனஸாகாத தரவுக்கு இது நல்ல கருவி, லாபக் கணக்குக்கு அல்ல.

மூன்றாவது, அச்சை ±100 சதவீதத்தில் வெட்டுவது. அ பிரிவு கண்ணுக்குத் தெரிய வருகிறது. இ பிரிவோ இன்னும் பச்சையாகவே, வெட்டிய உச்சியில் நிற்கிறது. இது பழுதை மறைக்கிறது, தீர்க்கவில்லை.

எவ்வளவு சிறியது ‘மிகச் சிறியது’?

ஈ பிரிவின் +1200 சதவீதத்தில் குறிப் பிழை இல்லை. 2-லிருந்து 26 என்பது பதின்மூன்று மடங்கு, கணக்கு சரி. அந்த எண்ணை நம்பலாமா என்பதே கேள்வி.

இந்த 2 முழு எண்ணாக்கப்பட்டது. உண்மை மதிப்பு 1.5 முதல் 2.5 வரை எங்கேயும் இருந்திருக்கலாம். 2.5 என்றால் மாற்றம் 940%. 1.5 என்றால் 1633%. முழு எண்ணாக்கிய ஒரே காரணத்தால் விடை எழுநூறு சதவீதம் அலைகிறது. அ பிரிவுக்கும் இதையே செய்து பாருங்கள். 399.5 முதல் 400.5 வரை அடிப்படையை நகர்த்தினால் விடை 15.1-க்கும் 14.9-க்கும் இடையில்தான் அசைகிறது.

லாபம் என்பது இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம் என்பதால் சிக்கல் இன்னும் கூடுகிறது. வருமானம் 800, செலவு 798, மிச்சம் 2. செலவுக் கணக்கில் ஆண்டு முடிவில் 3 கூடினால் போதும், அடிப்படையே −1 ஆகிவிடும். 1200 சதவீத ஏற்றம் என்று உச்சியில் நின்ற பட்டை, ஒரு கணக்குத் திருத்தத்தில் சிவப்புக்கு மாறி அடிமட்டத்துக்குப் போய்விடும்.

ஆகவே, எந்த அடிப்படைக்குக் கீழே சதவீதம் காட்டக் கூடாது என்ற தரைமட்டத்தை மனம்போல 1 என்றோ 10 என்றோ வைக்கக் கூடாது. தரவு எவ்வளவு அசையும் என்று முதலில் கேட்க வேண்டும். நாங்கள் வைக்கும் அளவு, அந்த அசைவைப் போலப் பத்து மடங்கு. அடிப்படை அசைவின் பத்து மடங்கு இருந்தால், புதியதுக்கும் பழையதுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ பத்திலொரு பங்குதான் பிசகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தத் தரவில் ஆண்டு முடிவுத் திருத்தங்கள் ±3 வரை வருகின்றன என்று எடுத்துக்கொண்டு தரைமட்டத்தை 30 என்று வைத்தோம். அதை `H1` செல்லில் தனியாக எழுதி, ஏன் 30 என்பதையும் பக்கத்து செல்லில் குறித்தாயிற்று. சூத்திரத்துக்குள் புதைத்த எண்ணை அடுத்து வருபவர் கேள்வி கேட்கவே மாட்டார்.

புதிய வரைபடம்

பட்டையின் நீளத்துக்கு இனி சதவீதம் கிடையாது. `C2-B2` என்ற வித்தியாசம்தான் நீளம். வரிசை இப்படி அமைகிறது: உ +90, அ +60, ஆ +60, ஈ +24, இ −60. குறி எப்போதும் சரி, அளவுகள் ஒப்பிடத் தகுந்தவை, ஐந்தையும் கூட்டினால் மொத்த மாற்றமான 174 வந்துவிடும். சதவீதங்களைக் கூட்டி இப்படிச் சரிபார்க்க முடியாது. பழைய வரைபடத்தின் மூலையில் ‘சராசரி வளர்ச்சி 232%’ என்று ஒரு எண் இருந்தது. அது ஐந்து சதவீதங்களின் நேர் சராசரி. உண்மையில் மொத்த லாபம் 242-லிருந்து 416 ஆனது, அதாவது 71.9% ஏற்றம். அந்த 232-ஐ உருவாக்கியது ஏறக்குறைய முழுவதும் ஈ பிரிவின் 2 தான்.

பொருந்தாத வரிசைகளை நீக்கிவிட்டு மிச்சத்தைச் சராசரி எடுக்கலாமே என்ற யோசனையும் வந்தது. எடுத்தால் அ மட்டும் மிஞ்சும், சராசரி 15%. நட்டத்தில் இருந்த எல்லாப் பிரிவும் கணக்கிலிருந்தே மறைந்துபோகும். எனவே சராசரி என்ற எண்ணையே எடுத்துவிட்டு, மொத்தத்தின் மாற்றத்தை மட்டும் போட்டோம். மொத்தத்தின் அடிப்படையான 242 தரைமட்டத்துக்கு வெகு மேலே இருப்பதால் அதற்குச் சதவீதம் தாங்கும். பிரிவுகளின் பங்கையும் அதே 242-ஆல் வகுத்துக் காட்டலாம். 71.9-இல் உ 37.2 புள்ளி, அ 24.8 புள்ளி, இ −24.8 புள்ளி என்று பிரியும். ஆனால் லாபமும் நட்டமும் ஒன்றையொன்று அடித்து மொத்தமே பூஜ்யத்தை நெருங்கும் ஆண்டில் இந்த வழியும் அடைபடும்.

சதவீதத்தை முழுவதும் கைவிடத் தேவையில்லை. பட்டையின் பக்கத்தில் எழுத்தாக, பொருந்தும் இடத்தில் மட்டும் வைத்தோம். மற்ற இடங்களில் நடந்ததைச் சொல்லும் சொல்:

```
=IF(COUNT(B2:C2)<2,"தரவு இல்லை",
 IF(C2=B2,"மாற்றமில்லை",
 IF(AND(B2<0,C2>=0),"நட்டம் நீங்கியது",
 IF(AND(B2<0,C2>B2),"நட்டம் குறைந்தது",
 IF(B2<0,"நட்டம் கூடியது",
 IF(C2<0,"நட்டத்தில் விழுந்தது",
 IF(B2<$H$1,"அடிப்படை மிகச் சிறிது",
 TEXT((C2-B2)/B2,"+0%;-0%;0%"))))))))
```

லாபத்திலிருந்து நட்டத்துக்கு விழுந்தவற்றுக்குக் குறி சரியாகவே வரும். ஆனாலும் அங்கே சதவீதம் போடவில்லை. 40-லிருந்து −50-க்குப் போனால் வரும் −225%, கச்சா எண்ணெயின் −306% போல, வாசகருக்கு எதையும் சொல்லாத எண்.

வருமானக் கணக்கும் கையில் இருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. லாபத்தைப் பழைய லாபத்தால் வகுக்காமல் வருமானத்தால் வகுப்பது. வருமானம் மைனஸாவதில்லை, பெரும்பாலும் பூஜ்யத்தை நெருங்குவதும் இல்லை. உ பிரிவின் வருமானம் இரண்டு ஆண்டும் 1000 என்றால் லாப விகிதம் −5 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கு வந்தது, ஏற்றம் 9 சதவீதப் புள்ளி. ஈ பிரிவின் வருமானம் 800 என்றால் 0.25-லிருந்து 3.25, ஏற்றம் 3 சதவீதப் புள்ளி. 1200 என்ற எண்ணின் உண்மையான பரிமாணம் அந்த 3 தான். ‘சதவீதம்’ என்றும் ‘சதவீதப் புள்ளி’ என்றும் எழுதுவதில் மட்டும் கவனம் வேண்டும். 0.25-லிருந்து 3.25-க்குப் போனதை மறுபடி சதவீத மாற்றமாக்கினால் பழைய 1200 திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வரைபட மென்பொருள் செய்யும் சில்மிஷம்

சதவீதக் கோடே வேண்டும் என்ற கட்டாயம் உள்ள இடங்களில், பொருந்தாத செல்லில் என்ன வைப்பது என்பது பெரிய விஷயம். எக்செலில் அங்கே ஒரு கோடோ ‘பொருந்தாது’ என்ற சொல்லோ எழுதினால் அட்டவணையில் அழகாக இருக்கும். வரைபடமோ எழுத்தைப் பூஜ்யமாக எடுத்து வரையும். வெற்று மேற்கோள் `""` தரும் சூத்திரமும் எழுத்துதான், அதுவும் பூஜ்யத்தில் விழும். வரைபடத்துக்குத் தனி நெடுவரிசை வைத்து, அதில் `NA()` தர வேண்டும்:

```
=IF(B2<$H$1,NA(),(C2-B2)/B2)
```

அப்போதும் கோட்டு வரைபடத்தில், பதிப்பையும் அமைப்பையும் பொறுத்து, அந்த இடம் வெற்றிடமாக விடப்படலாம், அல்லது முன்னும் பின்னும் உள்ள புள்ளிகள் நேர்கோட்டால் இணைக்கப்படலாம். இணைத்துவிட்டால் இல்லாத மதிப்பு இருப்பது போலத் தோன்றும். கோட்டைவிடப் பட்டையோ தனிப் புள்ளிகளோ பாதுகாப்பு. பாண்டாஸில் அதே வேலை:

```python
floor = 30
diff = df["curr"] - df["prev"]
df["pct"] = (diff / df["prev"] * 100).where(df["prev"] >= floor)
```

மாதாந்தர வரிசைகளில் இந்தப் பழுது இருப்பதை, தரவைத் திறக்காமலே படத்தின் வடிவத்திலிருந்து கண்டுபிடிக்கலாம். பெரும்பகுதி அமைதியாக ஓடும் கோடு, ஓரிரு மாதங்களில் வானுயர எழும்பி அடுத்த மாதமே பாதாளத்துக்கு விழுந்தால், மூல மதிப்பு அங்கே பூஜ்யத்தைக் கடந்திருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள். முதல் மாதத்தை 100 என்று வைத்து வரையும் குறியீட்டு வரைபடத்தில் இது இன்னும் நயமாக ஒளியும். முதல் மதிப்பு −50 என்றால் படம் முழுவதும் தலைகீழாகும். நட்டம் 100-க்குப் பெருகிய மாதம் 200 என்று மேலே ஏறும், லாபம் 40 வந்த மாதம் −80 என்று கீழே இறங்கும். எழும்பும் கூர்முனைகூட இருக்காது. அதனால் அத்தகைய வரைபடத்தில் முதல் மாதத்தின் மூல மதிப்பைத் தலைப்பின் கீழ் எழுதியே தீர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

வெப்பநிலை வரைபடத்துக்கு இந்தப் பட்டறையில் இடமே இல்லை. −1 டிகிரி செல்சியஸ் +1 ஆனால் சூத்திரம் −200% என்கிறது. அதே மாற்றத்தைப் பாரன்ஹீட்டில் எழுதினால் 30.2-லிருந்து 33.8, +11.9%. கெல்வினில் +0.7%. செல்சியஸிலும் பாரன்ஹீட்டிலும் பூஜ்யம் எங்கே என்பதே மனிதர் வைத்த குறி. டிகிரி வித்தியாசத்தை மட்டுமே வரையலாம்.

திருத்திய சூத்திரத்தை ஒப்படைக்கும் முன் ஒரு சோதனைத் தாளில் இந்த இணைகளை ஓட்டிப் பார்த்தோம்: 100, 120; −80, −20; −30, −90; −50, 40; 40, −50; 2, 26; 0, 26; 0, 0; −5, −5. கடைசியாக, −80 எழுதி அடுத்த செல்லைக் காலியாக விட்ட ஒரு வரிசை. முதல் ஓட்டத்தில் தோற்றது அதுதான். எக்செல் காலி செல்லைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் என்பதால், இன்னும் கணக்கே வராத பிரிவுக்கு ‘நட்டம் நீங்கியது’ என்று எழுதிவிட்டது. மேலே உள்ள சூத்திரத்தின் முதல் வரியில் `COUNT` வந்தது அதற்குப் பிறகு. வித்தியாச நெடுவரிசையிலும் அதே காவல் வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காலி வரிசை +80 என்ற பச்சைப் பட்டையாக மேலே ஏறிவிடும்:

```
=IF(COUNT(B2:C2)<2,NA(),C2-B2)
```